கண் கூசுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள்

*வணக்கம் சார். எனக்கு வயது 33. சேலத்தில் ஆத்தூர் ரோட்டுப் பக்கம் வீடு. பன்னிரண்டு வருடமாக நீர்வண்ணத்தில் வரைகிறேன். சிறுவர் புத்தகங்களுக்குப் படம், கல்யாண ஜோடி ஓவியம் என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, குறையில்லை. ஆனால் எனக்காக ஒரு படம் வரைந்து இரண்டு வருடம் ஆகிறது. வருகிற தையிலிருந்து ஒரு வருடத்துக்கு ஒரே கருவில் தொடராக வரையலாம் என்று முடிவு செய்து மூன்று தலைப்பு எழுதி வைத்தேன். ஒன்று, ஏற்காட்டின் பன்னிரண்டு மாதங்கள். இரண்டு, பெண்ணின் நவரசம். மூன்று, தினம் ஒன்றாக 365 படம். மூன்றாவதுதான் நல்லது, நிறைய பேர் பார்ப்பார்கள் என்கிறார் என் கணவர். ஏற்காட்டில் விடுதி நடத்தும் தெரிந்தவர் ஒருவர், முதல் தலைப்பில் பன்னிரண்டு படம் வரைந்து கொடுத்தால் 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். எனக்கோ எதையும் தொட மனசு வரவில்லை. காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது வழியில் ஜவ்வரிசி மில் களத்தைத் தாண்டுகிறேன். வெயிலில் கண் கூசும். வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வெள்ளைத் தாளும் நானும்தான். என் அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர், அவருக்கு இப்படி ஒரு நாளும் கை நின்றதில்லை. நான் எந்தத் தலைப்பை எடுக்கட்டும்? பணம் வாங்கிக்கொண்டு வரைந்தால் அந்தப் படங்களை நான் பிறகு அச்சடித்து விற்கலாமா?*

*— வாசகி, சேலம்*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று தலைப்பும் நீங்கள் யோசித்து எழுதியவை. யோசிக்காமல் எழுதிய வரி ஒன்றும் அதில் இருக்கிறது: களத்தைப் பார்த்துக் கண் கூசி வண்டியை நிறுத்தியது. தலைப்புகளைப் பற்றி எழுதும்போது உங்கள் கை தயங்குகிறது, அந்த வரியில் தயக்கமே இல்லை. முப்பது வருடமாக மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு வருடத் தொடருக்கான கரு பெரும்பாலும் இப்படித்தான் பட்டியலுக்கு வெளியே கிடக்கும்.

அதற்கு வருவதற்கு முன், கைவசம் இருக்கும் மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அவை ஏன் உங்களை இழுக்கவில்லை என்று தெரிந்தால் எது இழுக்கும் என்பதும் பிடிபடும்.

மூன்று தலைப்பும் எங்கே இடறுகின்றன

தினம் ஒரு படம் என்பது கரு அல்ல, கால அட்டவணை. எவ்வளவு வரைய வேண்டும் என்று அது சொல்லும், எதை வரைய வேண்டும் என்று சொல்லாது. பையனின் பள்ளிக்கூடமும் ஆர்டர் வேலையும் பார்க்கிற ஒருவருக்கு மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கும் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். இரவு பத்தரை மணிக்கு மேசை மேல் இருக்கும் டம்ளரை வரைவீர்கள். மறுநாள் மூக்குக் கண்ணாடி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு. பிப்ரவரியில் நின்றுவிடும், நின்றதற்கு உங்களையே திட்டிக்கொள்வீர்கள். கை ஓடுவதற்கான பயிற்சியாகத் தினசரி வரைவது நல்லதுதான், சின்ன நோட்டில் பென்சிலால் செய்யுங்கள். தொடர் வேறு விஷயம். உங்கள் கணவர் சொல்வது அக்கறையில் வருவது, ஆனால் அது பார்ப்பவர்களுக்கான யோசனை, வரைபவருக்கானது அல்ல.

நவரசத்தில் வேறு சிக்கல். ஒன்பது என்ற எண்ணும் ஒன்பது பெயரும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன, நீங்கள் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கோபம் என்றால் சிவப்பு, சாந்தம் என்றால் நீலம் என்று கை தானாகப் போகும். அந்தப் படங்களை நீங்கள் வரையாமலே என்னால் பார்க்க முடிகிறது, உங்களாலும் முடியும். அதனால்தான் தொட மனசு வரவில்லை.

ஏற்காட்டின் பன்னிரண்டு மாதம் கொஞ்சம் நல்ல யோசனை. ஆனால் 'ஏற்காடு' என்று சொன்னதுமே ஏரி, படகு, லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் ஊர் என்று வரிசையாக வந்து நிற்கும். மாதத்துக்கு ஒன்று என்பது காலண்டருக்குச் சரியாக இருக்கும். தொடரில் இரண்டாவது படம் முதல் படத்தோடு ஏதாவது பேச வேண்டும். ஜனவரி ஏரியும் பிப்ரவரி ஏரியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குமே தவிரப் பேசிக்கொள்ளாது.

கரு என்றால் பெரிதாக, அர்த்தம் நிறைந்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இந்த மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நினைப்பைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒரு வருடம் தாங்கும் கரு என்பது ஒவ்வொரு படத்திலும் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு. வரைகிற கணக்கு. பிரெஞ்சு ஓவியர் மோனே ருவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். 1892லும் 1893லும் எதிர்ப்பக்கத்துக் கட்டடங்களில் இடம் பிடித்து, பல கேன்வாஸ்களை ஒரே நேரத்தில் தொடங்கி, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். அவருக்குத் தேவாலயத்தின் மேல் பக்தி வந்துவிடவில்லை. ஒரே கல் காலையில் ஒரு நிறமாகவும் சாயங்காலம் வேறு நிறமாகவும் ஏன் தெரிகிறது என்பதுதான் அவர் கணக்கு. அது ஒரு படத்தில் தீராது, அதனால் அடுத்த படம் தானாக வந்தது.

உங்கள் கணக்கு வெள்ளை

ஜவ்வரிசிக் களத்தில் உங்கள் கண் ஏன் கூசியது? வெள்ளை மேல் வெயில். வீட்டுக்கு வந்து எதன் முன் உட்கார்ந்தீர்கள்? வெள்ளைத் தாள். அப்பா என்ன செய்தார்? வெள்ளி. நீங்கள் எதில் வரைகிறீர்கள்? நீர்வண்ணத்தில். அதில் வெள்ளை என்பது பூசுவதே அல்ல, தாளைப் பூசாமல் விடுவது. எண்ணெய் வண்ணக்காரருக்கு இது ஒரு குழாய் வெள்ளையைப் பிதுக்குகிற சமாச்சாரம். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் சுற்றியிருப்பதை வரைந்து வெள்ளையை வரவழைக்க வேண்டும்.

இப்போது சேலத்தைச் சுற்றிப் பாருங்கள். இத்தனை விதமான வெள்ளை இருக்கும் ஊரில் இருக்கிறீர்கள். களத்தில் ஜவ்வரிசி. ஊருக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டிய மேடுகள். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தக் கல்லின் பெயர். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிப் பட்டறைகள். தறியில் சேலம் வெண்பட்டு. சேர்வராயன் மலைமேல் காபிப் பூ, மழைக்காலத்தில் மூடுபனி. ஆறு வெள்ளை ஆயிற்று.

நிற்க, இது வெறும் பட்டியலாக இருந்தால் ஏற்காட்டுப் பட்டியலை விட உயர்வாகிவிடாது. தொடராக்குவது வேறொன்று: இந்த ஆறும் தூரிகைக்கு ஆறு வெவ்வேறு கணக்கு. காபிப் பூவில் வெள்ளைக்கு வேலையே இல்லை. கரும்பச்சையாக மினுங்கும் இலையைப் பூவின் விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்துவதுதான் வேலை, பூ தானாக மிஞ்சும். வெள்ளிக் கொலுசில் வெள்ளை நிறமே கிடையாது. அது எதிரில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி. பட்டறையின் கரியும் கூரையும் அதில் கறுப்பாக விழும், அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் விட்ட ஊசிமுனைத் தாள்தான் பளபளப்பு. மூடுபனியில் நேர்மாறு: தாளை அப்படியே விட்டால் அது பனியாகாது, வெறும் தாளாகத்தான் இருக்கும். தாளை முழுக்க நனைத்து, மெல்லிய சாம்பல் ஓட்டி, விளிம்புகளைக் கரைத்தால்தான் பனி. வெள்ளைக்கல் செம்மண்ணில் கிடக்கிறது, அதன் நிழலுக்குள் மண்ணின் சிவப்பு ஏறியிருக்கும். ஒன்றில் கற்றது அடுத்ததில் செல்லாது. முதல் நான்கு படத்திலேயே வித்தை தீர்ந்து போகிற கருவாக இது இருக்காது.

ஒரு படத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

களத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். செல்போனில் படம் எடுத்து வந்து வரைவீர்கள். வெள்ளை நிரம்பிய காட்சியைக் கண்டால் போன் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். அதனால் களம் சிமெண்ட் நிறத்தில் விழும். இல்லாவிட்டால் குவியலின் வெயில்பட்ட பக்கம் முழுக்க வெளுத்து, ஒரு விவரமும் இல்லாமல் போகும். அதைப் பார்த்து வரைந்தால் பனி விழுந்த முற்றம் மாதிரி ஒன்று வரும். சேலத்தில் பனி முற்றமா என்று உங்களுக்கே சிரிப்பு வரும்.

ஆகவே போன் படம் உருவத்துக்கு மட்டும். நிறத்துக்கு அங்கேயே நின்று குறிப்பு எடுக்க வேண்டும். தபால் அட்டை அளவுத் தாளில் மூன்று கட்டம் போதும்: வெயில்பட்ட பக்கம், நிழல் பக்கம், தரை. காலை எட்டு மணிக்கு நிழல் நீளமாக விழும், வானத்தின் நீலம் அதில் இறங்கியிருக்கும். கோபால்ட் நீலத்தில் பர்ன்ட் சியன்னா கொஞ்சம் கலந்தால் அந்த நிழல் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் நிழலின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கே லேசான மஞ்சளை ஏற்றியிருக்கும். அந்த மஞ்சளை விட்டுவிட்டால்தான் ஜவ்வரிசி பனியாகிறது. பன்னிரண்டு மணிக்குப் போனால் நிழல் மிகவும் சுருங்கியிருக்கும். கண் அதிகமாகக் கூசும், வரைய ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது முயற்சியில் வேறு தவறு. வெள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று தாளில் முக்கால் பாகத்தைத் தொடாமல் விட்டுவிடுவீர்கள். எல்லாமே வெள்ளையானால் எதுவுமே பிரகாசிக்காது. சுத்தமான தாள் படத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி வெள்ளையெல்லாம் மிக மெல்லிய பூச்சுக்குள் இருக்கட்டும். எங்கோ ஓரிடத்தில் நல்ல இருட்டு வேண்டும்: கிளறி விடுபவரின் பலகை, மடித்து வைத்த தார்ப்பாய், ஷெட்டின் கதவுக்குள் தெரியும் இருள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி, படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். குவியல் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் நிறத்தை மாற்றிப் பயனில்லை, வெளிருக்கும் அடர்த்திக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வெள்ளையைக் காக்க ரப்பர் பால் மாதிரி ஒரு திரவம் தடவுவீர்களே, மாஸ்கிங் திரவம், அதைச் சேலம் வெயிலில் நம்பாதீர்கள். வண்ணம் காய்ந்த அன்றே உரித்துவிட வேண்டும். சித்திரையில் மாடி அறையில் நான்கு நாள் விட்டால் தாளோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். நான் ஒரு நல்ல படத்தை அப்படி இழந்திருக்கிறேன்.

சில கட்டுப்பாடுகள், குறைவாகவே

வெள்ளை என்று மட்டும் சொன்னால் அகலம். எதை எல்லாம் செய்யக்கூடாது என்று முடிவானால்தான் அது தொடராகும். உங்களுக்கு மூன்று விதி போதும் என்று நினைக்கிறேன். தொடர் முழுக்க வெள்ளை வண்ணத்தைத் தொடக்கூடாது, டைட்டானியமும் இல்லை, சைனீஸ் ஒயிட்டும் இல்லை. ஒரு படத்துக்கு ஒரே வெள்ளைதான் நாயகன். எல்லாப் படமும் ஒரே அளவு. முதல் விதிதான் முதுகெலும்பு. மற்ற இரண்டையும் உங்களுக்குத் தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

அளவைப் பொறுத்தவரை, 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை நான்காக வெட்டினால் 28க்கு 38 வரும். கைக்கு அடக்கம், ஸ்கூட்டியிலும் கொண்டுபோகலாம். மாதம் இரண்டு படம், வருடத்துக்கு 24. அதற்கு ஆறு தாள் போதும். கெட்டுப்போவதையும் சேர்த்துப் பன்னிரண்டாக வாங்கிவிடுங்கள், 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். பன்னிரண்டையும் ஒரே தடவையில், ஒரே கம்பெனித் தாளாக வாங்குவது இந்தத் தொடருக்கு மிக முக்கியம். தாளுக்குத் தாள் வெள்ளை மாறும். ஒன்று பாலாடை நிறம், ஒன்று நீலம் கலந்த வெளுப்பு. வேறு கருவுக்கு அது கண்ணில் படாது. தாளே வெள்ளையாக நடிக்கப் போகிற தொடரில் 24 படத்தையும் வரிசையாக மாட்டும்போது பல்லிளிக்கும். மழைக்காலத்துக்குப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். ஈரம் ஏறிய தாளில் ஏற்றியிருக்கும் பசை வலுவிழந்து, வண்ணம் மை ஒற்றும் தாளில் விழுந்த மாதிரி அங்கங்கே புள்ளியாக உறிஞ்சும்.

24 என்ற எண் சத்தியம் அல்ல. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபுஜி மலையை 36 காட்சிகளாக அச்சிட்டார், விற்பனை நன்றாக இருந்ததால் இன்னும் பத்து சேர்த்தார். மொத்தம் 46 ஆனது, பெயரில் மட்டும் 36 அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தொடரிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இன்னொன்று. பல படங்களில் மலை விரல்நகம் அளவுதான். ஒன்றில் தொட்டிக்காரர் பெரிய மரத்தொட்டிக்குள் நின்று இழைத்துக்கொண்டிருப்பார், அந்தத் தொட்டியின் வட்டத்துக்குள் தூரத்தில் மலை சின்னதாகத் தெரியும். உங்கள் படத்திலும் வெள்ளை எப்போதும் நடுவில் பெரிதாக நிற்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு படத்தில் இருட்டுப் பட்டறை முழுக்க இருந்து, வெள்ளை கொலுசின் ஒரு மணியளவு மட்டும் இருக்கலாம்.

எந்த மாதம் எது என்பதை ஊரே முடிவு செய்யும். தை, மாசியில் வெயில் நன்றாக இருக்கும், களத்துக்கு ஏற்ற காலம். பங்குனி, சித்திரையில் கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காபி பூக்கும். தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்து, இரண்டு மூன்று நாளில் வாடிப் போய்விடும், அதனால் முன்கூட்டியே தேதி குறித்து வைக்க முடியாது. வெள்ளைக்கல் மேட்டுக்கு வெயில் சாய்ந்த பிறகு போங்கள். சுரங்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, வெளியே ரோட்டிலிருந்து தெரிவதே தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களமும் காயாது, உங்கள் தாளும் காயாது. அந்த மாதங்களைப் பட்டறைக்கும் தறிக்கும் ஒதுக்குங்கள். மலைமேல் பனிக்குள் உட்கார்ந்து நீர்வண்ணம் போட்டால் ஒரு பூச்சு காய அரைமணி நேரமானாலும் ஆகும். அங்கே பென்சிலும் நிறக் குறிப்பும் எடுத்துக்கொண்டு, வீட்டில் வந்து முடிப்பதுதான் நடைமுறை.

அலுப்பு வரும்போது

ஏழாவது எட்டாவது படத்தில் கட்டாயம் வரும். இரண்டு வகை அலுப்பு உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பல வருடம் முன்பு நான் பழைய வீட்டுக் கதவுகள் ஐம்பது வரைவதாகக் கிளம்பி பதினான்கில் நின்றேன். பிறகு யோசித்தால், ஐந்தாவது கதவுக்கு மேல் நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே மாதிரி நேராக நிற்கும் கதவு, தாழ்ப்பாள் மட்டும் வேறு. படத்தின் பெயரை மாற்றினால் போதும், படத்தை மாற்ற வேண்டியதில்லை என்ற நிலை. அது கரு செத்துப்போனதற்கு அடையாளம்.

இன்னொரு அலுப்பு, கணக்கு கடினமாகிவிட்டதால் வருவது. வெண்பட்டின் மடிப்பு மூன்று தடவை சரியாக வரவில்லை, அதனால் வெறுப்பாக இருக்கிறது. இது நல்ல அலுப்பு. ஒரு சோதனை சொல்கிறேன்: அடுத்து வரையக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். தையில் எழுதிய பட்டியலை விட நீண்டிருந்தால் கரு உயிரோடு இருக்கிறது, நீங்கள்தான் களைத்திருக்கிறீர்கள். ஒரு வாரம் விட்டு வேறொரு வெள்ளைக்குத் தாவுங்கள். பட்டியல் குறைந்திருந்தால் விதியில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பன்னிரண்டோடு முடித்துக்கொள்ளலாம், பன்னிரண்டும் ஒரு தொடர்தான்.

இதே காரணத்தால், வருடம் முழுவதற்கும் இப்போதே உறுதி எடுக்காதீர்கள். முதலில் மூன்று படம், மூன்றும் வெவ்வேறு வெள்ளை. அதுவரை யாரிடமும் தொடர் என்று சொல்ல வேண்டாம், வீட்டிலும்கூட.

விடுதிக்காரரின் 60,000 ரூபாய்

படத்தை வாங்கினால் படத்தின் உரிமையும் சேர்ந்து போகும் என்று சிலர் நினைக்கிறார்கள், நான் வரைந்தது எப்போதும் என்னுடையது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பாதிதான் சரி. நீங்கள் உங்களுக்காக வரைந்து முடித்த படத்தை ஒருவர் வாங்கினால் அவருக்குப் போவது அந்தத் தாள். அச்சடிக்கும் உரிமை உங்களிடமே இருக்கும், எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய போகாது. ஆனால் ஒருவர் கேட்டு, பணம் பேசி, அதற்காகவே வரைந்த ஓவியம் என்றால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது விடுதிக்காரர் சொல்லி, வெறும் வாய்ப்பேச்சில் பன்னிரண்டு படம் போட்டால், பிறகு அவற்றை நீங்கள் வாழ்த்து அட்டையாக அச்சடிக்க அவர் அனுமதி தேவைப்படலாம். உங்கள் கல்யாண ஜோடி ஓவியங்களுக்கும் இதே கதைதான், அவற்றைத் தொகுத்துப் புத்தகம் போட நினைத்தால் யோசித்துச் செய்யுங்கள்.

தீர்வு சுலபம். "மூலப்படங்கள் வாங்குபவருக்கு, பதிப்புரிமை ஓவியருக்கு" என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, வேலை தொடங்கும் முன் இருவரும் கையெழுத்திடலாம். தெரிந்தவர்தானே என்று கூச்சப்பட வேண்டாம், தெரிந்தவரிடம்தான் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். தொகை பெரிதாகும்போது ஒரு வழக்கறிஞர் பார்த்துத் தருவது நல்லது.

ஆனால் உரிமையை விட எனக்குக் கவலை வேறு. படத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறவர் ஏரியில் படகு இல்லையே என்று கேட்பார். கேட்க அவருக்கு நியாயம் உண்டு. அப்போது அது உங்களுடைய இன்னொரு ஆர்டராகிவிடும், இரண்டு வருடமாக எதிலிருந்து வெளியே வரப் பார்க்கிறீர்களோ அதற்குள்ளேயே. பணம் இப்போது கட்டாயத் தேவை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் அதை ஆர்டர் கணக்கில் வையுங்கள், தொடர் தனியாக ஓடட்டும். அவசரமில்லை என்றால் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஐப்பசி வரைக்கும் பொறுங்கள், மலைமேல் வரைந்த பனியும் காபிப் பூவும் ஐந்தாறு படம் இருக்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரைந்து பிறகு விற்பதால் உரிமைச் சிக்கலும் இல்லை, படகும் கேட்க மாட்டார்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவருக்குக் கை நிற்கவில்லை என்றால், இன்று என்ன செய்ய வேண்டும் என்பதைப் பட்டறையில் இருந்த வெள்ளிக் கம்பி சொல்லிவிட்டது. அவரோடு வேலை பார்த்தவர் யாராவது இன்னும் சிவதாபுரத்தில் இருந்தால், பற்றவைத்த கொலுசு கறுத்துப் போய் இருப்பதையும் மெருகேறிய பிறகு அதே கொலுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே வெள்ளி, இரண்டு படம்.

இப்போதைக்கு வேலை இவ்வளவுதான். இந்த வாரம் மூன்று நாள் காலையில் களத்தில் பதினைந்து நிமிடம் நின்று நிறக் குறிப்பு எடுங்கள், மில்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மாசி முடிவதற்குள் மூன்று படம். அப்புறம், ஏற்காட்டில் தோட்ட வேலை பார்ப்பவர் யாரையாவது தெரிந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். பங்குனியில் மழை பெய்த அன்று அவர் உங்களைக் கூப்பிட வேண்டும், அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கலாம்.